‘ஜூலை 1 முதல் இங்கே பணம் கட்டுங்கள்’

மாதாமாதம் ஒரே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிப் பழகியவரிடம், “அடுத்த மாதம் முதல் வேறு இடத்தில் கட்டுங்கள்” என்று சொல்ல ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், அது மோசடிக்காரன் எழுதும் கடிதத்தைப் போலத்தான் இருக்கும். அவனும் இதைத்தான் எழுதுகிறான்: எங்கள் பணம் கட்டும் முறை மாறிவிட்டது, புதிய விவரம் கீழே, இந்தத் தேதிக்குள் மாறிக்கொள்ளுங்கள்.

இதில் ஏமாந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசாஸ்காஸ் என்பவர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். குவான்டாவிடம் உண்மையாகவே சரக்கு வாங்கிக்கொண்டிருந்த கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போலி பில்களை அனுப்பினார். 2013 முதல் 2015 வரை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அவருடைய கணக்குகளுக்கு 10 கோடி டாலருக்கு மேல் அனுப்பின. 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கூகுளின் கணக்குப் பிரிவுக்கே அந்தக் கதி என்றால், உங்கள் வாடிக்கையாளர் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்து அவர் சந்தேகப்படாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்று ஊர் ஊராகச் சிறு நிறுவனங்கள் இணையவழி பில், இணையவழிப் பணம் என்று மாறிக்கொண்டிருக்கின்றன. மென்பொருள் விற்பவர் வந்து அரை நாளில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது, எந்தத் தேதியில் மாறுவது, பழைய பாக்கியை என்ன செய்வது என்பதையெல்லாம் அவர் சொல்லித் தருவதில்லை. தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். மதுரையில் ஏ.சி. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துச் செய்கிற, பங்குதாரர்கள் நடத்தும் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை, நகைக்கடை, கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் என்று 180 வாடிக்கையாளர்கள். ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி பில் போட்டு, பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். பணம் நெஃப்ட்டில் வரும், யூ.பி.ஐ.யில் வரும், சில சமயம் செக்காக வரும்.

பணம் வருவது பிரச்சினை இல்லை, யாருடைய பணம் என்று கண்டுபிடிப்பதுதான் பிரச்சினை. வங்கி ஸ்டேட்மென்டில் 58,000 ரூபாய் வரவு என்று இருக்கும். அதே தொகைக்கு ஒப்பந்தம் போட்டவர்கள் 3 பேர் இருப்பார்கள். அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் மருத்துவமனையின் பெயர் இருக்காது, டாக்டரின் மனைவி பெயர் இருக்கும். கணக்கு எழுதுகிற பெண் மாதத்தின் முதல் 10 நாளும் போனில், “சார், பேமென்ட் போட்டீங்களா? யூ.டி.ஆர். நம்பர் கொஞ்சம் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

புதிய ஏற்பாடு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஒரு கணக்கு எண் தருகிறது. இதை ‘வர்ச்சுவல் அக்கவுண்ட்’ என்கிறார்கள். உண்மையில் அது தனிக் கணக்கு இல்லை. முன்பாதி நிறுவனத்துக்கான குறியீடு, பின்பாதி வாடிக்கையாளருக்கான குறியீடு. அந்த எண்ணுக்கு அனுப்பும் பணம் நிறுவனத்தின் ஒரே நடப்புக் கணக்கில்தான் வந்து விழும். ஆனால் எந்த எண்ணுக்கு வந்தது என்பதை வைத்து யார் கட்டினார்கள் என்று இணையதளம் தானே கண்டுபிடித்து, பில்லில் வரவு வைத்து, ரசீதும் அனுப்பிவிடும். மருத்துவமனைப் பணத்தை டாக்டரின் மனைவி அனுப்பினாலும் மருத்துவமனைக் கணக்கில்தான் சேரும்.

நிறுவனத்துக்கு இது பெரிய நிம்மதி. வாடிக்கையாளருக்கோ இதுவரை பார்த்திராத ஒரு நீளமான எண். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் மாறியிருக்கலாம். ஆகவே முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: வங்கியை மாற்றாதீர்கள். கட்டணம் கொஞ்சம் குறைகிறது என்று புதிய வங்கி, புதிய நடப்புக் கணக்கு, புதிய இணையதளம் என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், கடிதத்தில் வாடிக்கையாளருக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுகூட மிஞ்சாது. ஏற்கெனவே இருக்கும் வங்கியிடமே அந்த எண்களை வாங்கினால், “அதே வங்கி, அதே பெயர், பணம் போய்ச் சேரும் கணக்கும் அதேதான்” என்று எழுதலாம். இன்னொரு லாபமும் உண்டு. பழக்கத்தில் யாராவது பழைய எண்ணுக்கே அனுப்பிவிட்டாலும் பணம் எங்கும் போய்விடாது. முன்பு போலக் கையால் வரவு வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது தேதி. இதை மென்பொருள்காரரின் வசதிக்கு விடக்கூடாது, கணக்கு நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாத நடுவில் மாறினால் ஒரே மாதத்தின் பில்கள் இரண்டு இடத்தில் கிடக்கும். ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யும்போது இரண்டையும் கூட்டிச் சேர்க்க வேண்டும். ஏதாவது ஒரு பில் விட்டுப்போனால், வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் அது வராது. அவருக்கு வரவேண்டிய வரி வரவு தள்ளிப்போகும், சண்டை உங்களுடன்தான். மார்ச், ஏப்ரல் வேண்டவே வேண்டாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் எந்த ஆடிட்டரும் உங்கள் கடிதத்தைப் படிக்க மாட்டார். தீபாவளி ஒட்டிய வாரங்களும் ஆகாது.

நம் மதுரை நிறுவனத்துக்குப் பொருத்தமான நாள் ஜூலை 1. புதிய மாதத்தின் தொடக்கம், புதிய காலாண்டின் தொடக்கமும்கூட. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்கள் ஜி.எஸ்.டி. கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஏப்ரல் முதல் ஜூன் வரை முழுக்கப் பழைய முறை, ஜூலையிலிருந்து முழுக்கப் புதிய முறை என்று பிரிந்துவிடும். டி.டி.எஸ். கணக்கும் அதே காலாண்டுப்படிதான் போகிறது.

தேதியை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. 01/07 என்று மட்டும் போட்டால் ஜனவரி 7 என்று படிப்பவரும் இருக்கிறார்கள், முக்கியமாக மென்பொருளிலேயே உட்கார்ந்திருப்பவர்கள். ‘1 ஜூலை 2026, புதன்கிழமை’ என்று கிழமையோடு எழுதுங்கள்.

கடிதம் எப்போது போக வேண்டும்? குறைந்தது 45 நாள் முன்னதாக என்பேன். குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு வாரம் போதும். பெரிய மருத்துவமனைக்குப் போதாது. அங்கே ஒரு சப்ளையரின் கணக்கு எண்ணை மாற்ற வேண்டும் என்றால், லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்ட கடிதம், ரத்து செய்த காசோலை அல்லது வங்கிச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த இன்னொருவர் லீவில் இருப்பார். வர்ச்சுவல் எண்ணுக்குக் காசோலை கிடையாது என்பதால், வங்கியிடமே ஒரு கடிதம் வாங்கி முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது. அரசு அலுவலகம் ஏதாவது உங்கள் வாடிக்கையாளராக இருந்தால் அதை இந்த மாற்றத்திலிருந்தே விட்டுவிடுங்கள். அவர்கள் கருவூலம் வழியாகத்தான் பணம் தருவார்கள். உங்கள் இணையதளத்தில் நுழைந்து பொத்தானை அழுத்த அவர்களால் முடியாது.

பழைய வழியை மாறுகிற நாளிலேயே மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த உதாரணம் உண்டு. 2021-ல் வருமான வரித் துறை தன் பழைய தாக்கல் தளத்தை ஜூன் 1 முதல் 6 வரை நிறுத்திவிட்டு, ஜூன் 7 அன்று புதிய தளத்தைத் திறந்தது. தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதுதான். ஆனால் புதிய தளம் தடுமாறியது. பழையதோ அதற்குள் மூடப்பட்டிருந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தேவையான 15சிஏ, 15சிபி படிவங்களைக் காகிதத்தில் வங்கியிடம் கொடுக்கலாம் என்று பிறகு துறையே அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட்டில், தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸின் தலைமை நிர்வாகியை நிதியமைச்சர் அழைத்து விளக்கம் கேட்டார். இவ்வளவு பெரிய துறைக்கே அப்படி என்றால், நாலு பேர் வேலை செய்யும் அலுவலகம் பழைய வழியை மூன்று மாதமாவது திறந்து வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது பழைய பாக்கி. இந்த மாற்றத்தில் அதிகம் குழப்புவது இதுதான். ஜூன் 30 அன்று 180 பேரில் 60 பேருக்காவது ஏதாவது பாக்கி இருக்கும். அதை மொத்தமாக ‘முன் பாக்கி’ என்று ஒரே தொகையாகப் புதிய தளத்தில் ஏற்றிவிடுவதுதான் பலரும் செய்வது. வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும் 1,47,500 என்று ஒரு தொகை கண்ணில் படும். எந்த பில், எந்த மாதம் என்று தெரியாது. அதில் ஒன்றை நேற்றுத்தான் பழைய கணக்கில் கட்டியிருப்பார். அந்த ஒரு தொகை போதும், அவருக்குத் தளத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

எளிய வழி இருக்கிறது. பழைய பில் பழைய வழியில், புதிய பில் புதிய வழியில். எது பழையது, எது புதியது என்பதை பில் எண்ணே சொல்லும்படி செய்துவிடலாம். ஜி.எஸ்.டி. விதி 46-ன்படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், வரிசையாக ஓட வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆகவே ஆண்டு நடுவில் புதிய வரிசை தொடங்கலாம். பழைய பில்கள் MR/26-27/0540 என்பதோடு நிற்கட்டும். புதியவை P/26-27/0001 என்று தொடங்கட்டும். MR என்றால் பழைய கணக்கு, P என்றால் இணையதளம். வாடிக்கையாளருக்கு இதைவிடச் சுலபமான அடையாளம் தர முடியாது. மென்பொருள் தானாகப் போடும் INV-2026-27-000000123 போன்ற எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். எண்ணிப் பாருங்கள், 21 எழுத்து வரும். ஜி.எஸ்.டி. தளம் ஏற்காது.

தொகை விஷயத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது தெரியாமல் தொடங்கிய தளத்தில் பெரிய வாடிக்கையாளர் ஒருவரும் பணம் கட்ட மாட்டார். மருத்துவமனைக்கு மாதப் பராமரிப்பு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 9,000. பில் தொகை 59,000. ஆனால் மருத்துவமனை உங்களுக்கு 59,000 தராது. ஒப்பந்த வேலைக்கான டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். பங்குதாரர் நிறுவனம் என்றால் 2 சதவீதம், அதுவும் வரி சேர்க்காத 50,000-க்கு மட்டும். ஆக 1,000 பிடித்துக்கொண்டு 58,000 அனுப்புவார்கள். அந்த 1,000 உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குப் போகும்.

தளத்தில் ‘59,000 செலுத்துக’ என்ற ஒரே பொத்தான்தான் இருந்தால்? மருத்துவமனையின் கணக்காளர் அதை மூடிவிட்டுப் பழையபடி நெஃப்ட் அனுப்பிவிடுவார். அல்லது வர்ச்சுவல் எண்ணுக்கு 58,000 அனுப்புவார். தளம் 1,000 பாக்கி என்று காட்டும், 7 நாள் கழித்து நினைவூட்டும், 15 நாள் கழித்து ‘தாமதக் கட்டணம்’ என்று தானாகவே ஒரு குறுஞ்செய்தியும் போகும். பத்து வருடப் பழக்கத்தைக் கெடுக்க அந்தக் குறுஞ்செய்தி ஒன்றே போதும். ஆகவே தொகையை மாற்றி எழுதும் வசதியும், ‘டி.டி.எஸ். பிடித்தம்’ என்று தனிக் கட்டமும் இருக்கிறதா என்று தொடங்கும் முன் பாருங்கள். இல்லையென்றால் தானியங்கி நினைவூட்டலை முதல் மூன்று மாதம் அணைத்து வையுங்கள்.

இவ்வளவையும் முடிவு செய்த பிறகுதான் கடிதம் எழுத உட்கார வேண்டும். முடிவுகள் தெளிவாக இருந்தால் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, வணக்கம்.

1 ஜூலை 2026, புதன்கிழமை முதல் எங்கள் பில்கள் இணையதளத்தில் வெளியாகும். பணத்தையும் அங்கேயே செலுத்தலாம். எங்கள் நிறுவனப் பெயர், ஜி.எஸ்.டி. எண், வங்கி எதுவும் மாறவில்லை.

30 ஜூன் வரை போட்ட பில்களுக்கு (MR என்று தொடங்குபவை) இப்போதுள்ள கணக்கிலேயே பணம் அனுப்புங்கள். ஜூலை முதல் வரும் பில்களுக்கு (P என்று தொடங்குபவை) மட்டும் புதிய முறை.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஜூன் மாத பில்லின் அடியில் எங்கள் இணையதள முகவரியும் உங்கள் வாடிக்கையாளர் எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த முகவரியை நீங்களே தட்டச்சு செய்து திறக்கவும்.

2. எங்களிடம் ஏற்கெனவே பதிவாகியுள்ள உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் கடவு எண் வரும். அதைத் தளத்தில் மட்டும் பதியவும். எங்கள் ஊழியர் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

3. உங்கள் பெயர், ஜி.எஸ்.டி. எண், முகவரி சரியா என்று பார்க்கவும். தவறு இருந்தால் ஜூன் 20-க்குள் சொல்லவும்.

4. ‘பணம் செலுத்த’ என்ற பக்கத்தில் உங்களுக்கான தனிக் கணக்கு எண் இருக்கும். விரும்பினால் முதலில் 1 ரூபாய் அனுப்பிப் பார்க்கவும். பெறுபவர் பெயராக எங்கள் நிறுவனப் பெயரே வர வேண்டும். வேறு பெயர் வந்தால் அனுப்ப வேண்டாம்.

5. டி.டி.எஸ். பிடிப்பவர்கள் பிடித்த தொகையை அதற்குரிய கட்டத்தில் எழுதிவிட்டு மீதியைச் செலுத்தவும்.

செப்டம்பர் 30 வரை பழைய கணக்குக்கு வரும் பணத்தையும் ஏற்று வரவு வைப்போம். இணையம் வேண்டாம் என்பவர்களுக்குக் காகித பில் தொடரும்.

இந்தத் தேதியையோ கணக்கு எண்ணையோ மின்னஞ்சல், வாட்ஸாப், தொலைபேசி வழியாக மாற்றிச் சொல்ல மாட்டோம். சந்தேகம் இருந்தால், இந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்க வேண்டாம். உங்களிடம் உள்ள பழைய பில்லில் இருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள்.”

கடைசிப் பத்திதான் இந்தக் கடிதத்தின் உயிர். மோசடிக்காரனால் எல்லா வரியையும் நகலெடுக்க முடியும், “பழைய பில்லில் உள்ள எண்ணை அழையுங்கள்” என்ற வரியை மட்டும் அவனால் எழுத முடியாது. எழுதினால் அழைப்பு உங்களுக்கு வந்துவிடும். தேதியை மாற்ற மாட்டோம் என்ற வரிக்கும் காரணம் இருக்கிறது. 180 பேருக்குப் போன கடிதம் வெளியே கசியாமல் இருக்காது. அதைப் பார்த்தவன், “மாறும் தேதி முன்கூட்டப்பட்டது, இன்றே இந்த எண்ணில் கட்டுங்கள்” என்று ஒரு துணைக் கடிதம் அனுப்ப அதிக நேரம் ஆகாது. அந்த வாசலை முதல் கடிதத்திலேயே அடைத்துவிட வேண்டும்.

கடிதத்தைப் பாய்ச்சும் வழியும் முக்கியம். வாட்ஸாப்பில் ஒரு இணைப்பைப் போட்டு “கிளிக் செய்யவும்” என்பதுதான் சுலபம். ஆனால் முகம் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று காவல் துறையும் வங்கிகளும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நாமே அந்தப் பழக்கத்தை வளர்க்கக் கூடாது. ஏ.சி. நிறுவனத்துக்கு ஒரு வசதி உண்டு. அதன் டெக்னீசியன் மாதம் ஒருமுறை எல்லா வாடிக்கையாளர் வீட்டுக்கும் கடைக்கும் போகிறார். கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடலாம். தெரிந்த முகம் கொண்டுவரும் காகிதத்துக்கு இன்னமும் மதிப்பு இருக்கிறது.

அப்படியும் போன் வரும். குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்படிக் கேட்பார்:

“ஏம்மா, போன மாசம் வரைக்கும் ஒரு நம்பருக்கு அனுப்புனோம். இப்ப ரயில் மாதிரி நீளமா வேற நம்பர் குடுத்திருக்கீங்க. இது யாரோட அக்கவுண்டு?”

“நம்ம அக்கவுண்டுதான் சார். உங்க சங்கத்துக்குன்னு தனி நம்பர். அதுல போட்டா உங்க பேர்ல தானா வரவு ஆயிரும்.”

“நான் பேங்க்ல போயிக் கேட்டேன். அப்படி ஒரு அக்கவுண்டே இல்லைங்கிறாங்க.”

“அது நிஜ அக்கவுண்டு இல்ல சார், அதான் கவுன்டர்ல தேடுனா வரலை. ஒரு ரூபா மட்டும் அனுப்பிப் பாருங்க. கொஞ்ச நேரத்துல உங்க போனுக்கு ரசீது வந்துரும்.”

“ஒரு ரூபாயை நோட்டுல என்னன்னு எழுதுறது? ஆடிட்டுல கேப்பாங்களே.”

“அட்வான்ஸ்னு எழுதிக்கங்க சார். ஜூலை பில்லுல கழிச்சுத் தந்துர்றேன்.”

இந்த உரையாடலுக்கு மூன்று நிமிடம் ஆகும். பதில் சொல்லும் பெண்ணுக்கு ‘நிஜ அக்கவுண்டு இல்லை’ என்ற விவரம் தெரிந்திருப்பதால்தான் அது மூன்று நிமிடத்தில் முடிகிறது. தெரியாமல் “இருங்க சார், ஓனரைக் கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டால், சாயங்காலத்துக்குள் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் உங்கள் கடிதம் ‘மோசடி எச்சரிக்கை’யாகச் சுற்றத் தொடங்கிவிடும்.

பெயரைச் சரிபார்க்கும் வசதி இப்போது வங்கிகளிலேயே வந்துவிட்டது. யூ.பி.ஐ.யில் அனுப்பும் முன் பெறுபவர் பெயர் தெரிவது எல்லோருக்கும் பழக்கம். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் முன்பு அது கிடையாது. எண் சரியாக இருந்தால் போதும், பணம் போய்விடும். அங்கேயும் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொடுத்தால் பெயரைக் காட்ட வேண்டும் என்றும், அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2025 ஏப்ரல் 1-க்குள் இதைச் செய்ய வங்கிகளுக்குக் கெடு வைத்தது. ஆகவே பெயர் என்னவென்று வரும் என்பதைக் கடிதத்திலேயே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். கடைப் பெயர் வேறு, வங்கியில் உள்ள பெயர் வேறு என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

ஜூலை முதல் வாரத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று ஓரளவு முன்பே சொல்லிவிடலாம். யாராவது யூ.பி.ஐ.யில் கட்டுவார். அவர் வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கும், தளத்திலோ ‘செலுத்தப்படவில்லை’ என்று இருக்கும். பதறி இன்னொரு முறை கட்டுவார். கடைக்குக் கட்டும் யூ.பி.ஐ. பணம் இப்படிப் பாதியில் நின்றால், 5 நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. “பணம் கழிந்து ரசீது வரவில்லையா? மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்” என்று பணம் கட்டும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

இன்னொன்று க்யூ.ஆர். குறியீடு. விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள், மற்ற வணிக நிறுவனங்களுக்குப் போடும் பில்லில் அரசின் இ-இன்வாய்ஸ் க்யூ.ஆர். இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கான யூ.பி.ஐ. க்யூ.ஆர். வேறு. இரண்டும் ஒரே பில்லில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வாடிக்கையாளர் அரசுக் குறியீட்டை ஸ்கேன் செய்துவிட்டு “உங்க க்யூ.ஆர். வேலை செய்யலை” என்பார். பணம் கட்டுவதைக் கீழ் மூலையில் தனியாக வைத்து, மேலே ‘பணம் செலுத்த’ என்று எழுதுங்கள். நம் மதுரை நிறுவனம் 5 கோடிக்குள் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கேயும் “இது இ-இன்வாய்ஸா?” என்று சிலர் கேட்பார்கள். இல்லை என்பதுதான் பதில். இணையத்தில் வரும் பில் எல்லாம் இ-இன்வாய்ஸ் ஆகிவிடாது. அரசின் பதிவுத் தளத்துக்குப் போய், பதிவு எண் வாங்கி வந்தால்தான் அது இ-இன்வாய்ஸ்.

கட்டணம் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து யூ.பி.ஐ.யில் கட்டினால் 2020 முதல் கடைக்காரருக்கும் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டினால் உண்டு. அதை நிறுவனம் ஏற்கிறதா, வாடிக்கையாளர் தலையில் போகிறதா என்பதைப் பணம் கட்டும் கடைசித் திரையில் திடீரென்று காட்டுவது நல்ல வியாபாரம் அல்ல. கார்டு வேண்டாம் என்றால் அந்த வழியையே அணைத்துவிடலாம்.

இந்த ஏற்பாடு ஒத்துவராத வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். கையில் செக் எழுதிக் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கி, ஃபைலில் கோத்தால்தான் தூக்கம் வரும் என்கிற நகைக்கடை முதலாளியை மாற்றப் பார்க்க வேண்டாம். அவர் ஒழுங்காகப் பணம் தருகிறவர். அவருடைய செக்கை வாங்கித் தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளுங்கள். 180 பேரில் 10 பேர் இப்படி இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

இதுவரை சொன்னது கடிதம் எழுதுகிறவருக்கு. இந்த மாதிரிக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய பில்லை எடுத்து, அதில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, குரல் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். அதற்குள் தவறான கணக்குக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால், யார் தவறு என்று பேசிக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்கு முன் புகார் போய்ச் சேர்ந்தால்தான் முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது.